ஸ்டீராய்டு எடுக்கையில் வெள்ளை அணு ஏறினால் தொற்று என்று அர்த்தமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஆஸ்துமாவால் மூச்சிரைப்பு கூடியதால் ஆறு நாளாகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி. சாப்பிடுகிறார். இப்போது இரைப்பு குறைந்துவிட்டது, காய்ச்சலும் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 15,800, அதில் நியூட்ரோஃபில் 86%, லிம்போசைட் 9%, ஈசினோஃபில் 0 என்று வந்திருக்கிறது. மாத்திரைக்கு முன்பு மொத்தம் 8,200. அப்போது இந்த மூன்றும் முறையே 58, 30, 7 சதவீதம். மருந்துக்கடையில் தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இந்த எண்களுக்கு மாத்திரை ஒன்றே போதுமான காரணம்.

நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி, ரத்தத்தோடு ஓடாமல் ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டியபடி மெல்ல உருண்டுகொண்டிருக்கும். ஊசியில் வருவது ஓடுகிற பாதி மட்டும்தான். ஸ்டீராய்டு உள்ளே போனதும் அந்த ஒட்டுப்பிடி தளர்ந்து, சுவரில் இருந்தவை ஓட்டத்தில் கலந்துவிடும். எலும்பு மஜ்ஜையும் தன் இருப்பிலிருந்து கொஞ்சம் இறக்கிவிடும். அவை ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போவதும் தடைபடுவதால் வழக்கத்தைவிட அதிக நேரம் ரத்தத்திலேயே சுற்றும். முதல் நாளிலேயே எண்ணிக்கை ஏறிவிடும். தொடர்ந்து சாப்பிடுபவர்களில் சிலருக்கு 20,000-ஐத் தாண்டுவதும் உண்டு.

லிம்போசைட் இதற்கு நேர் எதிர். ரத்தத்திலிருந்து விலகி மஜ்ஜை, நிணநீர் முடிச்சு போன்ற இடங்களில் போய்த் தங்கிவிடும். ஒரு பகுதி அழியவும் செய்யும். ஒரு வேளை மருந்துக்கு நாலு முதல் ஆறு மணி நேரத்தில் மிகக் குறைந்து, ஒரு நாளில் மீளும். தினமும் சாப்பிட்டால் தினமும் இதேதான். ஈசினோஃபில்களுக்கோ, உயிரோடு இருக்கச் சொல்லும் சமிக்ஞையையே ஸ்டீராய்டு குறைத்துவிடுகிறது, அவை மடிகின்றன. அம்மாவின் மூச்சு இளகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையாகப் போட்டுப் பாருங்கள். நியூட்ரோஃபில் 4,756-இலிருந்து 13,588 ஆகியிருக்கிறது. லிம்போசைட் 2,460-இலிருந்து 1,422. முப்பது ஒன்பதாகச் சரிந்ததைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனதுபோலத் தெரியும். உண்மையில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. நியூட்ரோஃபில் பெருகியதால் சதவீதம் கூடுதலாகக் குறைந்து தெரிகிறது. ஆனால் பல பரிசோதனைப் படிவங்களில் நோயாளி என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்க ஒரு வரிகூட இருப்பதில்லை. இயந்திரம் சிவப்புக் குறி போட்டு அனுப்பிவிடும். அதை நோயென்று படித்துச் சொல்ல ஆட்கள் தயாராக நிற்பார்கள். எத்தனை காலமாகச் சொல்லியும் அந்த ஒரு வரி வந்தபாடில்லை.

அந்தக் குறியை வைத்துப் பிழைப்பவர்கள் மூன்று வகை. ஆன்டிபயாடிக் விற்பவர், 'முழு உடல் தொகுப்பு' என்று மறு பரிசோதனை விற்பவர், லிம்போசைட் குறைந்ததைக் காட்டி எதிர்ப்புச் சக்திப் பொடி விற்பவர். மூன்றாமவரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொடிகளில் ஸ்டீராய்டே கலந்திருந்ததும் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது, இரைப்பு திரும்பிவிடும்.

இப்படிச் சொல்வதால் தொற்றே வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கையில் ஏறிய நியூட்ரோஃபில்கள் தேவைப்படும் திசுவுக்குள் சரியாகப் போவதில்லை. அளவும் நாளும் கூடக் கூடத் தொற்றுக்கான வாய்ப்பு கூடும். காய்ச்சலையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடும் என்பதால், உடம்பு சுடவில்லை என்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தொற்று கடுமையாகும்போது மஜ்ஜை முதிராத இளம் நியூட்ரோஃபில்களையும் சேர்த்து அனுப்பும். அறிக்கையில் இவை 'பேண்ட்' என்று வரும். ஸ்டீராய்டு மட்டும் இருந்தால் இவை பெரும்பாலும் ஆறு சதவீதத்தைத் தாண்டாது. தாண்டினாலோ, அணுக்களுக்குள் தடித்த கருமையான துகள்கள் தெரிந்தாலோ ஸ்டீராய்டின் மேல் பழி போட்டுவிட்டு இருக்கக் கூடாது. பல இயந்திரங்கள் பேண்டைத் தனியாக எண்ணிச் சொல்வதில்லை. ஆகவே ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் ஒருவர் கண்ணால் பார்த்த ஸ்மியர் அறிக்கையைக் கேளுங்கள். பேண்ட் குறைவாக இருந்தாலும், சளி பச்சையாக மாறுவது, குளிர் நடுக்கம், சிறுநீர் எரிச்சல், குழப்பமான பேச்சு, மருந்தின் அளவு குறைந்தும் எண்ணிக்கை ஏறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

அவசரமாக மறுபடி ரத்தம் எடுக்கத் தேவையில்லை. மாத்திரை முடிந்து இரண்டு வாரம் கழித்து எடுத்தால் போதும். மாத்திரைக்கு முந்தைய அறிக்கையைத் தொலைத்துவிடாதீர்கள். அதில் ஈசினோஃபில் 574 இருந்தது. ஆஸ்துமாவுக்கு அடுத்த சிகிச்சையை முடிவு செய்யும்போது டாக்டர் பார்க்க வேண்டியது அந்த எண். இந்த அறிக்கையில் உள்ள பூஜ்யம் மாத்திரையால் வந்தது.