சீசனா, தினசரி டிக்கெட்டா? மேட்டுப்பாளையம் – கோவை பயணிகளின் கேள்விகள்

கேள்வி: வீடு குன்னூர், வேலை கோவை. மேட்டுப்பாளையம் வரை பஸ், பிறகு ரயில். மாதம் எத்தனை நாள் போனால் சீசன் கட்டுப்படியாகும்?

சீசன் தொகையை ஒற்றை டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது நாள் கணக்கு அல்ல, ரயில் ஏறும் தடவைக் கணக்கு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

டிக்கெட் 10 ரூபாய், சீசன் 185 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (கவுன்டரில் இன்றைய தொகையைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்). வகுத்தால் 18.5. போக, வர இரண்டுக்கும் ரயில் என்றால் 10 நாளில் 200 ரூபாய் ஆகிவிடும், சீசன்தான் லாபம். ஆனால் குன்னூர்க்காரர்கள் பலர் மாலையில் கோவையிலேயே ஊட்டி பஸ் ஏறிவிடுகிறார்கள். அப்போது நாளுக்கு ஒரே தடவை. 19 நாள் போனால்தான் போட்ட காசு வரும். 22 வேலைநாளில் இரண்டு நாள் லீவு, ஒரு நாள் மலைப்பாதை நெரிசலில் ரயில் தவறியது என்றால் மிஞ்சுவது 5 ரூபாய்.

ஆகவே போன மாதம் காலையில் ஏறியதையும் மாலையில் ஏறியதையும் தனித்தனியே எண்ணிக் கூட்டுங்கள். காலை 16, மாலை 6 என்றால் 22 தடவை, 220 ரூபாய், சீசன் எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் வண்டி தவறும் நாள் கூடும். அந்த மாதங்களுக்குக் கோடைக்காலக் கணக்கை நம்பாதீர்கள்.

கேள்வி: சீசனை ஒன்றாம் தேதிதான் எடுக்க வேண்டுமா?

தேவையில்லை. 19ஆம் தேதி தொடங்கினால் அடுத்த மாதம் 18 வரை செல்லும். பழையது பொங்கலுக்கு முன் முடிகிறதா? இடையில் வரும் ஓரிரு நாளுக்கு ஒற்றை டிக்கெட் வாங்கிக்கொண்டு, லீவு முடிந்ததும் புதியதைத் தொடங்குங்கள். மொபைலில் எடுக்கும் புது சீசன் மறுநாள்தான் செல்லுபடியாகும்; முதல் நாளுக்குத் தனி டிக்கெட் வேண்டும்.

கேள்வி: கல்லூரி ஆசிரியை நான். ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாத சீசன் எடுக்கலாமா?

மே விடுமுறை என்றால் வேண்டாம். மூன்று மாத சீசன், மாதத் தொகையைப் போல 2.7 மடங்கு, மேலே சொன்ன விலையில் சுமார் 500 ரூபாய். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் தனித்தனி மாத சீசன் 370 தான். மிச்சம் 130 ரூபாயில் மே மாதம் 6 நாள் போய் வந்துவிடலாம். அதற்கு மேல் கல்லூரிக்குக் கூப்பிடுவார்கள் என்றால் மட்டுமே மூன்று மாதத்தை யோசியுங்கள்.

கேள்வி: இதே சீசனில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறலாமா?

அது சூப்பர்ஃபாஸ்ட். கூடுதல் கட்டணம் சேர்க்காத சீசன் அதில் செல்லாது. முன்பதிவுப் பெட்டியில் எந்த சீசனும் செல்லாது. என்றோ ஒருநாள் ஏறுகிறவர் அன்றைக்குத் தனி டிக்கெட் வாங்குங்கள், அந்தப் பயணத்தைச் சீசன் கணக்கில் சேர்க்காதீர்கள்.