அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்தல்: செண்டுமல்லி, காசித்தும்பை, அவரை

செண்டுமல்லிப் பூக்களைச் செடியிலேயே காயவிட்டு, உதிர்த்து விதைத்தேன். ஒரு கைப்பிடி விதைத்தும் நான்கைந்துதான் முளைத்தன. ஏன்?

நீங்கள் விதைத்தவற்றில் பெரும்பகுதி விதையாக இருந்திருக்காது. காய்ந்த பூவைப் பிரித்தால், ஒரு முனை கறுப்பாகவும் மறுமுனை வைக்கோல் நிறத்திலும் உள்ள மெல்லிய குச்சிகள் கிடைக்கும். கறுப்புப் பகுதியே விதை. விரலால் அழுத்தும்போது வளையாமல் உறுதியாக நிற்பவை தேறும், தட்டையாக வெளிறிக் கிடப்பவை பதர். இதழ்கள் வாடியவுடனே பறித்துவிடாமல், பூவின் அடியிலுள்ள பச்சைக் கிண்ணம் பழுப்பாகி, அதற்குக் கீழுள்ள காம்பும் காயும்வரை பொறுக்க வேண்டும். மழை தொடர்ந்தால் மட்டும் சற்று முன்னதாகவே பறித்து நிழலில் பரப்புங்கள், ஏனெனில் அடுக்கு இதழ்களுக்குள் தேங்கும் ஈரம் விதையைப் பூசணத்துக்குக் கொடுத்துவிடும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், நல்ல விதை கிடைத்தாலும் தாய்ச்செடியைப் போன்ற பூவை எதிர்பார்க்க இயலாது.

காசித்தும்பைக் காய் கை பட்டவுடன் வெடித்து, விதை முழுவதும் மண்ணில் சிதறிவிடுகிறது. எப்போது பறிப்பது?

வெடிப்பதற்கு ஓரிரு நாள் முன்னதாகப் பறிக்க வேண்டும். அந்த நாளைக் காயின் நிறம் காட்டிக்கொடுக்கும். கரும்பச்சையாக இருந்த காய் நன்கு பருத்து, வெளிர்பச்சைக்கோ இளமஞ்சளுக்கோ மாறும்போது ஒன்றை மட்டும் பிளந்து பாருங்கள். விதை வெள்ளையாக இருந்தால் விட்டுவிடுங்கள். பழுப்பாகியிருந்தால், மற்ற காய்களை ஒவ்வொன்றாகக் காகித உறைக்குள் நுழைத்து, உறைக்குள்ளேயே கிள்ளிவிடுங்கள். வெடித்தாலும் விதை உள்ளேயே விழும். பிறகு ஒரு வாரம் நிழலில் காகிதத்தின்மேல் உலர்த்தினால் போதும். வேண்டிய நிறத்துச் செடியில் பூ இருக்கும்போதே நூல் கட்டி வையுங்கள், காய்த்த பிறகு நிறத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

தை மாதம் எடுத்த அவரை விதையை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத புட்டியில் வைத்தேன். சித்திரையில் திறந்தால் விதையெல்லாம் ஓட்டை, அடியில் மாவு. மூடிய புட்டிக்குள் வண்டு எப்படி வந்தது?

வெளியிலிருந்து வரவில்லை, விதையோடு நீங்களே உள்ளே வைத்துவிட்டீர்கள். பயறு வண்டு கொடியிலுள்ள முற்றிய நெற்றின்மீதே முட்டையிடத் தொடங்கிவிடும். பொரிந்து வரும் புழு விதைக்குள் துளைத்து நுழைந்து, உள்ளே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியேறும். நீங்கள் கண்ட வட்ட ஓட்டை அதன் வெளிவாசல். வந்த வண்டு பக்கத்து விதைகளின்மேல் முட்டையிடும், கோடையின் வெப்பம் இந்தச் சுற்றை விரைவுபடுத்தும். உலர்த்தும்போதே விதைமேல் வெண்புள்ளிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள், அவை முட்டைகள்.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: முழுமையாக உலர்த்துவது, பிறகு உள்ளிருக்கும் புழுவைக் கொல்வது. நெற்று காகிதம்போல் காய்ந்து, ஆட்டினால் விதை கலகலக்கும்போது பறித்து, உரித்து, காலை வெயிலில் மட்டும் மூன்று நான்கு நாள் துணியின்மேல் பரப்புங்கள். நண்பகலில் சுடும் சிமென்ட் தரையோ தகரமோ முளைக்கருவைக் கெடுத்துவிடும். பல்லால் கடித்துப் பார்க்கும் வழக்கம் நல்லதுதான் என்றாலும், சமையலறைத் தராசு இன்னும் நம்பகமானது. உரித்த விதை முதல் நாள் 220 கிராம், அடுத்த நாள் 211, மூன்றாம் நாள் 207, நான்காம் நாளும் 207 என்று நின்றால், அந்த வெயிலில் போகக்கூடிய ஈரம் போய்விட்டது என்று கொள்ளலாம். சுத்தியலால் தட்டினால் அத்தகைய விதை நசுங்காமல் உடைந்து தெறிக்கும்.

இவ்வாறு உலர்ந்த விதையைப் புட்டியில் அடைத்து, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். ஈரமுள்ள விதையை வைத்தால் விதையே மடிந்துவிடும் என்பதால்தான் உலர்த்தலை இவ்வளவு வலியுறுத்துகிறேன். வெளியே எடுத்த புட்டியை ஒரு நாள் திறக்காமல் வையுங்கள். குளிர்ந்த விதையில் காற்றின் ஈரம் படிந்தால் பட்ட பாடு வீணாகும். ஃப்ரீசர் இல்லாதவர்கள், 100 கிராம் விதைக்கு ஏறக்குறைய ஒரு மில்லி வேப்பெண்ணெயைச் சீராகப் பூசலாம். அது புதிய முட்டைகள் பொரிவதைத் தடுக்கும், ஆனால் ஏற்கெனவே உள்ளே நுழைந்த புழுவை அது எட்டாது. நம் ஊர்களில் துவரைக்கும் அவரைக்கும் செம்மண் கட்டும் பழக்கமும் வண்டை முட்டையிட விடாமல் தடுக்கவே ஏற்பட்டது. வேப்பிலையை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடுத்து வைத்த விதை ஆடி வரை தாங்குமா?

உலர்ந்திருந்தால் தாராளமாகத் தாங்கும். செண்டுமல்லி விதையை மட்டும் அடுத்த ஆண்டுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. விதைப்பதற்குப் பத்து நாள் முன்பு, பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஏழு எட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம், நான்கைந்துதான் என்றால் குழிக்கு இரட்டிப்பாக இடுங்கள்.