சம்பளத்தில் தவணைக்கு எவ்வளவு போகலாம்?

கேள்வி: பாளையங்கோட்டையில் தனியார் கம்பெனியில் வேலை. சம்பளம் 48,000, பிடித்தம் போகக் கைக்கு 42,000 வருது. பைக் தவணை 3,400, இன்னும் 14 மாசம் இருக்கு. நகைக்கடன் ஒன்றரை லட்சம். வாடகை வீடு. சொந்த வீடு கட்ட 22 லட்சம் தரலாம்னு பேங்க்ல சொல்றாங்க. வாங்கலாமா சார்?

இப்போதைக்கு 22 லட்சம் வேண்டாம். 14 லட்சம் வரைதான் உங்கள் சம்பளம் தாங்கும்.

கைக்கு வரும் பணத்தில் 40 சதவீதத்துக்குள் எல்லாத் தவணையும் சேர்ந்து அடங்க வேண்டும். இது சட்டம் இல்லை, அனுபவத்தில் நிற்கிற கணக்கு. வங்கிகள் பாதிச் சம்பளம் வரைகூட ஒப்புக்கொள்ளும். சில இடங்களில் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தையே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் பார்ப்பது கடன் திரும்பி வருமா என்று. மிச்சப் பணத்தில் குடும்பம் ஓடுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

42,000-இல் 40 சதவீதம் 16,800. பைக்குக்கு 3,400 போய்விடும். அடுத்தது நகைக்கடன். மாசத் தவணை இல்லாததால் நம் ஊரில் பலரும் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வருஷ முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறுபடியும் அதே நகையை வைத்துவிடுகிறார்கள். 9 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 13,500, மாசத்துக்கு 1,125. அசலில் ஒரு பைசா குறையாமலே இவ்வளவு போகிறது. சீட்டும் அப்படித்தான்: எடுக்கும் வரை சேமிப்பு, எடுத்த பிறகு கடன்.

ஆக மிச்சம் 12,275. எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மாசம் சுமார் 868 வரும். அதனால்தான் 14 லட்சம். 22 லட்சம் வாங்கினால் வீட்டுத் தவணை மட்டும் 19,100-ஐத் தொடும்; மற்றதையும் சேர்த்தால் கைக்கு வருவதில் 56 சதவீதம். வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் மாறக்கூடியது, ஏறினால் தவணையோ கடன் காலமோ கூடும். வீடு கட்டி முடிகிற வரைக்கும் வாங்கிய பணத்துக்கு வட்டியும் வாடகையும் சேர்ந்தே போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

எனக்குச் சரியென்று படுவது பொறுத்திருப்பதுதான். பைக் முடியட்டும், அதற்குள் நகையையும் திருப்பிவிடுங்கள். அப்போது 16,800 முழுவதும் வீட்டுக்கே போகலாம். இதே சம்பளத்தில் 19 லட்சம் வரை வாங்க முடியும். கைக்கு வருவது 25,000-க்குக் கீழே உள்ளவர்களுக்கு 40 சதவீதமே அதிகம், 30-இல் நிறுத்திக்கொள்ள வேண்டும். அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆகும் செலவு சம்பளத்துக்குத் தகுந்தபடி குறையாது.

ஏற்கெனவே தவணை கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு தவணை கட்ட இன்னொரு நகையை அடகு வைக்க வேண்டி வந்தால் அளவு தாண்டிவிட்டது. அடுத்த தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய்க் கடன் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள்.