ரத்தாட்சி வருடத்து மாசி

ஐயா,

ஓய்வு பெற்ற பிறகு, நினைவில் வருவதையெல்லாம் வந்த வரிசையிலேயே மூன்று நோட்டுகளில் எழுதிவிட்டேன். 212 பக்கங்கள். தன்வரலாறாக எழுதலாம் என்று வருடவாரியாகப் பிரிக்க உட்கார்ந்தால் முதல் நாளே சிக்கிக்கொண்டது. அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. துரையோடு சண்டை போட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை. "ரத்தாட்சி வருசம், மாசி மாசம்" என்று அத்தை அடித்துச் சொல்கிறார். இணையத்தில் பார்த்தேன், ரத்தாட்சி 1984. ஆகவே 1984 பிப்ரவரி என்று எழுதினேன். ஆனால் இந்திரா காந்தி சுடப்பட்ட அன்று மதியத்துக்கு மேல் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், எஸ்டேட் லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தேன் என்றும் 37ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அப்படியானால் அப்போது மேலேதானே இருந்திருக்கிறோம்? ஒன்று அத்தை சொல்வது தவறு, அல்லது என் நினைவு தவறு. எதை நம்புவது?

க., சேலம்

அன்புள்ள க.,

இரண்டையும் நம்பலாம். தவறு உங்கள் கணக்கில்தான்.

தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ரத்தாட்சி பிறந்தது 1984 சித்திரையில். அதன் மாசி வருவது பத்து மாதம் கழித்து, அதாவது 1985 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. வருடப் பெயருக்கு எதிரே பட்டியலில் ஒரே ஒரு ஆங்கில வருடம் போட்டிருப்பதால் வருகிற வினை இது. தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்கழி இன்னும் பொல்லாதது, பாதி ஒரு வருடத்தில், பாதி அடுத்ததில். பழைய கல்யாணப் பத்திரிகை, ஜாதகக் குறிப்பு, கிரகப்பிரவேசக் கல் இவற்றிலிருந்து தேதி எடுப்பவர்கள் பலர் இந்த இடத்தில் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள். நீங்களும் தொலைத்தீர்கள், நல்ல வேளையாக இந்திரா காந்தி உங்களைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

ஆனால் அந்த நினைவையும் சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். என் கதையைக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். இறந்த அன்று தலைமையாசிரியர் அழுதுகொண்டே மணி அடிக்கச் சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பினார் என்று என் நோட்டில் உருக்கமாக எழுதி வைத்திருந்தேன். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24 விடியற்காலையில். பள்ளிக்குப் போயிருந்தால்தானே திருப்பி அனுப்ப? போதாததற்கு அது அரையாண்டு விடுமுறை நேரம். மூன்று வருடம் முந்தைய ஒரு நாளின் மணியோசையை எடுத்து இந்த மரணத்தோடு நான் ஒட்டியிருந்தேன். தலைமையாசிரியரின் கண்ணீரை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உங்கள் 37ஆம் பக்கம் இந்தச் சோதனையில் தேறுகிறது. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31, புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேல். பள்ளி நடக்கிற நாள், பள்ளி நடக்கிற நேரம். ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே 21 இரவு, கோடை விடுமுறையில். நாடே கடையடைத்த அந்த மூன்று மரணங்களில், பள்ளிப் பிள்ளைகளைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடியது ஒன்றுதான். "மதியத்துக்கு மேல்" என்பதை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். அதிகாரபூர்வமான வானொலி அறிவிப்பு மாலையில்தான் வந்தது. அதற்கு முன்பே வதந்தியாக மலைக்கு ஏறியிருக்கலாம், இல்லை நீங்கள் நினைப்பது மறுநாளாகவும் இருக்கலாம். நமக்கு வேண்டிய விஷயத்துக்கு அதனால் பழுதில்லை. அந்த வாரம் நீங்கள் மேலே இருந்தீர்கள்.

இனி வேலை முறை. முதலில் வருடம் வருடமாகத் தலைப்புப் போட்டு நோட்டைத் திரும்ப எழுதாதீர்கள். மூன்று நோட்டுக்கும் தொடர் எண்ணாகப் பக்க எண் போடுங்கள். பிறகு ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு துண்டுச்சீட்டு. அஞ்சலட்டை அளவில் வெட்டிய காகிதம் போதும். அதில் தேதியை எழுதுவதற்கு முன்னால், நோட்டில் காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய சொற்களை அப்படியே எழுத வேண்டும். "எனக்குப் பத்து வயது", "பாட்டி செத்த மறு வருடம்" என்று எது இருக்கிறதோ அது. உங்கள் சொல் சாட்சியம், தேதி அதிலிருந்து நீங்கள் செய்யும் ஊகம். இரண்டையும் கலந்துவிட்டால், ஊகம் தவறு என்று பின்னால் தெரியும்போது திரும்பிப் போக வழி இருக்காது. 1984 பிப்ரவரி என்று மட்டும் எழுதி அத்தையின் வாக்கியத்தை விட்டிருந்தீர்கள் என்றால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

தேதிக்கு ஒரு கட்டம் போதாது, இரண்டு வேண்டும்: இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை. உங்கள் இறக்கத்துக்கான சீட்டை நான் இப்படி எழுதுவேன்:

நிகழ்ச்சி: ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கியது
நோட்டில் உள்ள சொல்: (உங்கள் சொற்கள், பக்க எண்ணோடு)
அத்தை சொல்: ரத்தாட்சி, மாசி
முன் இல்லை: 1985 பிப்ரவரி நடு
பின் இல்லை: 1985 மார்ச் நடு
ஆதாரம்: அத்தை; அக்டோபர் 31 அன்று மேலே இருந்தது, பக்கம் 37
உறுதி: மாதம் ஓரளவு, வருடம் நன்றாக

சீட்டுகளை அடுக்கும்போது "முன் இல்லை" கட்டத்தை வைத்து அடுக்குங்கள். ஒரு சீட்டின் இரண்டு எல்லைக்கும் நடுவே ஐந்து வருடம் இருந்தாலும் கூச்சப்படாமல் அப்படியே விடுங்கள். தெரியாத நாளுக்கு ஜனவரி 1 என்று போட்டு நிரப்புகிறவர்கள், ஆறு மாதம் கழித்து அது தாங்கள் போட்டது என்பதையே மறந்துபோகிறார்கள்.

வயதை வைத்துக் கணக்குப் போடும்போது இரண்டு பொறிகள். "பத்து வயது" என்றால் பத்து முடிந்ததா, பத்து நடந்ததா? நம் வீடுகளில் இரண்டையும் ஒரே வாயால் சொல்வார்கள். இன்னொன்று, பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த நாள். கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து காதைத் தொடச் சொல்லிச் சேர்த்துக்கொண்ட காலத்தில், ஆசிரியரே ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டு வயதைச் சரிக்கட்டினார். உங்கள் தேதி ஜூனில் இருந்தால் ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். வயதைவிட வகுப்பு நம்பகமானது. ஐந்தாம் வகுப்பு என்று நினைவிருந்தால் அது ஜூன் முதல் ஏப்ரல் வரையுள்ள ஒரு பள்ளி ஆண்டு, ஆங்கில வருடம் அல்ல.

எல்லையை இன்னும் நெருக்க வேண்டுமானால் உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடுங்கள். அதில் மூன்று தேதிகள் இருக்கும்: மாணவர் பள்ளியை விட்ட நாள், சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்த நாள், சான்றிதழ் கொடுத்த நாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணுக்கு முதலில் படுவது மூன்றாவது. நமக்கு வேண்டியது முதலாவது. அவசரமாக ஊர் மாறிய குடும்பங்கள் சான்றிதழை ஜூனில் வந்து வாங்கிக்கொள்வது சகஜம் என்பதால் இரண்டுக்கும் நடுவே நான்கு மாதம்கூட இருக்கும்.

அடுத்தது மொய் நோட்டு. அத்தை வீட்டில் அந்தக் காலத்துக் கல்யாணம் ஏதாவது நடந்திருந்தால் கேட்டு வாங்குங்கள். மொய் எழுதுகிறவர் ஊரை எழுதித்தான் பேரை எழுதுவார். முதல் பக்கத்தில் தேதி இருக்கும். உங்கள் அப்பா ஒரு கல்யாணத்தில் "ஏற்காடு" என்றும் அடுத்த கல்யாணத்தில் "சேலம்" என்றும் பதிவாகியிருந்தால், இறங்கிய நாள் அந்த இரண்டு முகூர்த்தங்களுக்கு நடுவில்தான். என் சித்தப்பா வீட்டு நோட்டில் என் அப்பா "ரூ.11" என்று இப்படித்தான் அகப்பட்டார்.

தேதியில்லாத பழைய கடிதங்கள் கிடைத்தால் முகவரியைப் படியுங்கள். பின்கோடு எண் இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. நாமக்கல்லைச் சேலம் மாவட்டம் என்று எழுதியிருந்தால் அநேகமாக 1997க்கு முந்தையது. அநேகமாகத்தான், ஏனென்றால் என் பெரியம்மா சாகும்வரை சேலம் மாவட்டம் என்றே எழுதினார்.

உங்கள் நோட்டில் பாதிக்கு மேல் நிகழ்ச்சிகளே அல்ல, வழக்கங்கள் என்று பார்த்தவுடன் தெரியும். பறிப்புக் காலத்தில் பழம் அளக்கிற சாயங்காலம், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி. இவற்றுக்குத் தேதிச் சீட்டு போடாதீர்கள். "மேலே இருந்த காலம்" என்று ஒரு உறை போட்டு அதில் வையுங்கள். "ஒரு முறை" என்று நோட்டில் வருகிற இடத்தில் மட்டும் சீட்டு.

இப்போது சண்டைக்கு வருகிறேன். இணைப்பாக அனுப்பிய பக்கங்களில் இரண்டு வாக்கியங்கள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. 12ஆம் பக்கத்தில், அப்பா துரையோடு சண்டை போட்டுவிட்டு வந்த அன்று "தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது, வாசனை வீட்டுக்குள் வந்தது". 90ஆம் பக்கத்தில், லாரியில் சாமான் ஏற்றிய அன்று "கடைசிப் பழப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது, ஆட்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள்".

சேர்வராயன் மலையில் காப்பி பூப்பது கோடையின் முதல் மழைக்குப் பிறகு, பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். அந்தப் பூ பழமாகிப் பறிப்புக்கு வருவது நவம்பருக்கு மேல். தோட்டம் முழுக்கப் பூத்த நாளும் கடைசிப் பறிப்பு நாளும் ஒரே நாளாக இருக்க வழியில்லை. 1985 மாசியில் லாரி ஏறினீர்கள் என்றால், சண்டை மிகப் பிந்திப்போனாலும் 1984 கோடைத் தொடக்கத்தில். அதற்கு முந்தைய வருடமாகவும் இருக்கலாம்.

அதாவது சண்டை போட்ட கையோடு உங்கள் அப்பா இறங்கிவிடவில்லை. அந்தப் பூ காயாகி, காய் பழமாகி, பழம் பறித்து முடிகிற வரை, குறைந்தது பத்து மாதம், அதே துரைக்குக் கணக்கு எழுதியிருக்கிறார். நீங்கள் அனுப்பிய அத்தியாயத் திட்டத்தில் "சண்டையும் இறக்கமும்" ஒரே அத்தியாயம். அதை இரண்டாக வெட்டுங்கள். நடுவில் ஒரு வெற்றுச் சீட்டு வைத்து, முன் இல்லை 1983 மார்ச், பின் இல்லை 1985 மார்ச் என்று எழுதுங்கள். எஸ்டேட் லாரியில் நீங்கள் வீடு திரும்பிய அக்டோபர் 31 அதற்குள்தான் விழுகிறது. அப்போதும் கணக்குப்பிள்ளை மகன் என்றுதானே டிரைவர் ஏற்றிக்கொண்டார்?

அத்தையிடம் அடுத்த முறை வருடம் கேட்காதீர்கள், அதைச் சரியாகவே சொல்லிவிட்டார். அந்தப் பத்து மாதத்தில் அப்பா எத்தனை முறை தனியாகச் சேலத்துக்கு வந்து போனார், வந்தால் யார் வீட்டில் தங்கினார் என்று கேளுங்கள்.