தோட்டத்தில் நிற்பது மூடுபனியா, தூசி மூட்டமா?

கேள்வி: ஐயா, பண்டாரவளைப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். ஒரு கிழமையாகப் பகலிலும் மூட்டம் நிற்கிறது, நமுனுகுல மலையே தெரியவில்லை. இது பனியா, ஆட்கள் சொல்வதுபோல் இந்தியாவிலிருந்து வந்த புகையா? பின்வெளிறல் நோய்க்கு மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: மலையைப் பார்ப்பதற்கு முன் இலையைத் தொட்டுப் பாருங்கள். மூடுபனி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். காற்றின் ஈரப்பதன் 100 சதவீதத்தை நெருங்கி, 1 கிலோமீற்றருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் போனால்தான் வானிலைக்காரர்கள் அதை மூடுபனி என்பார்கள். வெயில் ஏறியதும் துளிகள் ஆவியாகி மூட்டம் விலகிவிடும். தூசி மூட்டம் அப்படியில்லை. புகையும் தூசும் உப்பும் சேர்ந்த உலர்ந்த துகள்கள் அவை. ஆவியாக வழியில்லாததால் மதியமும் அங்கேயே நிற்கும். இருண்ட மலைக்கு முன்னால் நீலமாகவும், வெளிச்சமான வானத்துக்கு எதிரே மஞ்சள் கலந்த பழுப்பாகவும் தெரியும். இலை காய்ந்தே இருக்கும்.

புகைப்பனி இரண்டும் கலந்தது. குளிர்ந்த இரவில் பள்ளத்தில் தேங்கும் காற்றில் விறகுப் புகையும் குப்பை எரித்த புகையும் சிக்கிக்கொள்ள, மூடுபனியும் சேர்ந்துவிடும். புகை வாடை அடிக்கும், கண் எரியும். நகரங்களில் வாகனப் புகை வெயில் பட்டு மாறி உண்டாகும் வேறு வகையும் உண்டு. அது பிற்பகலில்தான் கூடும்.

மலை மறைவதை வைத்து மாசை அளக்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். அதனால் தூசின் அளவு கூடாமலேயே ஈரமான காலையில் தூரம் மங்கிவிடும். ஆகவே காற்று காய்ந்திருக்கும் மதியம் 12 முதல் 2 மணிக்குள் பாருங்கள். நமுனுகுல உச்சியை மட்டும் நம்பாதீர்கள், அதில் முகில் உட்கார்ந்திருக்கலாம். அதைவிடக் கிட்டவும் தாழ்வாகவும் உள்ள இரண்டு மூன்று குன்றுகளைக் குறித்து வையுங்கள். இலை காய்ந்து, முகிலும் இல்லாமல், அவையும் நாள் முழுக்க மங்கியிருந்தால் காற்றில் துகள் கூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாப் புயலோடு வடக்கிலிருந்து வந்த காற்று அப்படித்தான் இருந்தது. 9ஆம் திகதி பாடசாலைகளையே மூடினார்கள். ஆனால் தெளிவாகத் தெரிவதால் காற்று சுத்தம் என்று ஆகாது, ஓசோன் போன்ற வாயுக்கள் கண்ணுக்குத் தெரியாது.

சரி, மருந்து. தூசி மூட்டத்துக்காக அடிக்கத் தேவையில்லை. பின்வெளிறலுக்கு வேண்டியது ஈரமும் குளிர்ச்சியும். ஈரம் மூடுபனியால் வந்ததா, தெளிந்த இரவின் பனித்துளியால் வந்ததா என்பது நோய்க்குப் பொருட்டில்லை. தொடர்ந்து இரண்டு நாள், வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகாமல், நாளுக்கு 6 மணித்தியாலமாவது ஈரப்பதன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆபத்து. அப்படியான நாட்களில், இலை காய்ந்த பிறகு மன்கோசெப் போன்ற காப்பு மருந்தை லேபிளில் உள்ள அளவில் அடியுங்கள். இலையின் அடியில் வெண்மையான பூஞ்சை தெரிந்துவிட்டால் அது மட்டும் போதாது. அந்த இலையோடு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் போய், உள்ளூடுருவும் மருந்தைக் கேளுங்கள்.