வாடகை வீடு: முதல் செய்தியை எப்படி எழுதுவது?

'வணக்கம்' என்று மட்டும் அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் மற்றதைச் சொன்னால் போதாதா?

போதாது. நல்ல வீடு என்றால் முதல் நாளே ஏகப்பட்ட செய்தி வந்து குவியும். வெறும் வணக்கத்துக்கு யாரும் பதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியதை ஒரே செய்தியில் சொல்லிவிடுங்கள்.

உரிமையாளர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. சார் என்பதா, மேடம் என்பதா?

இரண்டும் வேண்டாம். 'வணக்கம்' என்று தொடங்கி, கடைசி வரை 'நீங்கள்' என்றே எழுதினால் மரியாதை வந்துவிடும். 'ப்ரோ' மட்டும் கூடவே கூடாது.

நான் அனுப்பியது இது: "வீடு இன்னும் இருக்கா? கடைசியா எவ்வளவு? அட்வான்ஸ் குறையுமா?" மூன்று நாளாகப் பதில் இல்லை. இதில் என்ன மரியாதைக் குறைவு?

கடுமையான வார்த்தை எதுவும் இல்லைதான். ஆனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பேரம் பேசியிருக்கிறீர்கள். நான் எத்தனை முறை எழுதினாலும் பலரிடம் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை! உரிமையாளர் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். நீங்கள் யார், எத்தனை பேர் வருகிறீர்கள், எப்போது வருகிறீர்கள், ஒன்றுமே தெரியாது. தெரிவது ஒன்றுதான்: வாடகையைக் குறைக்கச் சொல்பவர். இன்னும் பார்க்காத வீட்டுக்கு ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கு உங்களிடமும் காரணம் இருக்காது. நேரில் பார்த்தபின் குளியலறையில் ஈரம் கசிகிறது, அலமாரிக் கதவு பெயர்ந்திருக்கிறது என்று காட்டிப் பேசினால் பேச்சுக்கு ஒரு பிடி இருக்கும். பேரத்தை அதுவரை தள்ளி வையுங்கள்.

அப்புறம், எந்த வீடு என்றே நீங்கள் சொல்லவில்லை. ஒருவரே மூன்று நான்கு வீட்டுக்கு விளம்பரம் கொடுத்திருக்கலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். இரண்டாம் மாடியில் உள்ள இரண்டு படுக்கையறை வீட்டின் விளம்பரத்தைப் பார்த்தேன். நான், என் மனைவி, ஐந்து வயது மகள், மூவரும் குடிவருவோம். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வீடு தேவை. இரண்டு வருடமாவது இருக்கும் எண்ணம். சனிக்கிழமை காலையோ ஞாயிறு மாலையோ வந்து பார்க்கலாமா? வேறு நேரம்தான் உங்களுக்கு வசதி என்றால் சொல்லுங்கள்."

கடைசியில் பெயரும் தொலைபேசி எண்ணும். உரிமையாளர் அடுத்துக் கேட்கக்கூடிய நாலைந்து கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது நேரத்தைச் சொல்வது மட்டும்தான். 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்', 'எப்படியாவது தயவு செய்யுங்கள்' என்றெல்லாம் சேர்க்காதீர்கள். வாடகை கொடுத்துத்தான் குடியிருக்கப் போகிறீர்கள். கெஞ்சல் தொனி, முன்பு எங்கோ வாடகைப் பிரச்சினை இருந்ததோ என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

எங்களிடம் நாய் இருக்கிறது. வீட்டைப் பார்த்தபின் சொன்னால் போதுமா?

முதல் செய்தியிலேயே ஒரு வரி: "எங்களிடம் ஒரு சிறிய நாய் இருக்கிறது, உங்களுக்குச் சம்மதமா?" விளம்பரத்திலேயே வளர்ப்புப் பிராணி கூடாது என்று போட்டிருந்தால் எழுதவே வேண்டாம். விளம்பரத்தை முழுக்கப் படிக்காமல் கேட்கிறவர்கள்தான் அதிகம்.

நம்பிக்கை வருவதற்காக அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். சரிதானே?

சரியில்லை. எதிரே இருப்பவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. 'தேவையான ஆவணங்களை நேரில் காட்டுகிறேன்' என்றால் போதும்.

பார்க்க வருவதற்கு முன் சிறு தொகை அனுப்பினால் வீட்டைப் பிடித்து வைப்பதாகச் சொல்கிறார். நல்ல வீடு. மறுத்தால் தப்பாக நினைப்பாரோ?

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். எத்தனை முறை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். "வீட்டைப் பார்த்து, ஒப்பந்தத்தைப் படித்த பிறகு பணம் தருகிறேன். எப்போது வரலாம் என்று சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். இதில் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. உண்மையான உரிமையாளர் நேரத்தைச் சொல்வார். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியை அனுப்பி வைக்கிறேன்', 'இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்' என்று அவசரப்படுத்தினால், அதுவும் வாடகை அக்கம்பக்கத்தைவிட ரொம்பக் குறைவு என்றால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் எத்தனை முறை கேட்கலாம்?

இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு முறை: "வணக்கம், வீடு இன்னும் காலியாக இருந்தால் இந்த வாரம் வந்து பார்க்க விரும்புகிறேன்." அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.