லிம்போசைட் என்றதும் வைரஸ் என்று எழுதிவிடாதீர்கள்

சார், சேலத்தில் டி.எம்.எல்.டி. படிக்கிறேன். மூளைக்காய்ச்சல் நோயாளியின் சி.எஸ்.எஃப்., அதாவது தண்டுவட நீர் ரிசல்ட்டைக் கொடுத்து பாக்டீரியாவா, வைரஸா, டி.பி.யா என்று கேட்டால் லிம்போசைட் அதிகம் என்று பார்த்ததும் வைரஸ் என்று போட்டுவிடுகிறேன். விடையைப் பார்த்தால் டி.பி. என்று இருக்கிறது. அட்டவணையை நன்றாகத்தான் மனப்பாடம் செய்திருக்கிறேன். எங்கே தப்பு?

அந்த அட்டவணையில்தான் தப்பு. நாலு கலரில் அச்சடித்து, "இதிலிருந்துதான் கேள்வி வரும்" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் காசு வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்களே, அந்த பி.டி.எஃப். போன வாரம் ஒரு மாணவர் கொண்டுவந்து காட்டினார். சர்க்கரைக்கு நேராக பாக்டீரியா குறைவு, வைரஸ் நார்மல், டி.பி. குறைவு என்று மூன்றே வார்த்தைகள். எதை வைத்துக் குறைவு என்று சொல்வது என்று ஒரு வரி இல்லை. விற்கிறவருக்கு அது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கேள்வியைப் படித்ததும் உங்கள் கண் செல் எண்ணிக்கைக்குப் போகிறது, அது சர்க்கரைக்குப் போகட்டும். தண்டுவட நீரில் இருக்கிற சர்க்கரை இரத்தத்திலிருந்து வடிந்து வருவதுதான். நல்ல நிலையில் இரத்தத்தில் 100 இருந்தால் அங்கே 60க்கு மேல் இருக்கும், மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பாக்டீரியாவும் டி.பி.யும் மூளை உறையை அழற்சியாக்கும்போது சர்க்கரை உள்ளே வருகிற வழி கெட்டுப்போகிறது, வந்ததையும் அங்கே கூடியிருக்கிற செல்கள் தின்றுவிடுகின்றன. வைரஸில் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கெடுவதில்லை, அதனால் சர்க்கரை அப்படியே நிற்கிறது. ஆக, முதல் கேள்வி சர்க்கரை விழுந்திருக்கிறதா இல்லையா என்பது. விழவில்லை என்றால் வைரஸ் பக்கம். விழுந்திருந்தால் மற்ற இரண்டில் ஒன்று, அதைப் பிரிக்கத்தான் லிம்போசைட், நியூட்ரோஃபில் எல்லாம்.

இப்போது ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர், 48 வயது, சுகர் நோயாளி. 12 நாளாகக் காய்ச்சல், தலைவலி, நேற்றிலிருந்து ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது. தண்டுவட நீர் தெளிவாக இருக்கிறது, செல் 180, அதில் 85 சதவீதம் லிம்போசைட், புரோட்டீன் 210, சர்க்கரை 84. நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். 84 நார்மல், லிம்போசைட் அதிகம், தண்ணீர் தெளிவு, ஆக வைரஸ். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் இரத்தச் சர்க்கரை 280 என்று போட்டிருப்பார்கள், அதைத்தான் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. 84ஐ 280ஆல் வகுத்தால் 0.3. இருக்கவேண்டியதில் பாதிதான் இருக்கிறது. சர்க்கரை விழுந்துவிட்டது, லிம்போசைட், புரோட்டீன் 200க்கு மேல், 12 நாள் இழுத்திருக்கிறது, கண்ணை அசைக்கிற நரம்பும் மாட்டியிருக்கிறது. ஆக டி.பி.தான். கூடவே ஏ.டி.ஏ. என்சைம் 10க்கு மேல் என்றோ, கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தால் சிலந்தி வலை மாதிரி படலம் கட்டியது என்றோ போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். டி.பி. கிருமியைத் தேடுகிற ஏ.எஃப்.பி. ஸ்லைடு நெகட்டிவ் என்று போட்டுக் குழப்புவார்கள், அதற்காக டி.பி.யை விட்டுவிடாதீர்கள். இந்த நீரில் கிருமி மிகக் குறைவாகத்தான் இருக்கும், ஸ்லைடில் சிக்காமல் போவதே அதிகம்.

இரத்தச் சர்க்கரையைக் கொடுக்காமலேயே கேள்வி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அரைக் கேள்வி. தண்டுவட நீர் எடுப்பதற்குச் சற்று முன்பே இரத்தச் சர்க்கரைக்கு மாதிரி எடுக்கவேண்டும் என்று வார்டில் நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம், கேள்வித்தாள் எடுக்கிறவர் அதைச் சட்டை செய்வதில்லை. என்ன செய்வது, அப்படி வந்தால் 40க்குக் கீழே என்றால் குறைவு என்று வைத்து எழுதிவிட்டுப் போங்கள்.

பாக்டீரியா கேள்வி சுலபம். கலங்கிய நீர், செல் ஆயிரத்துக்கு மேல், கிட்டத்தட்ட எல்லாமே நியூட்ரோஃபில், சர்க்கரை அடியில், இரண்டு மூன்று நாளில் படுத்த ஆள். இதில் யாரும் தவறுவதில்லை. தவறுவது வேறு இடத்தில், அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் போய் "இரண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி விழுங்குகிற ஊர் இது, கொடுக்கிறவரும் சீட்டு எங்கே என்று கேட்பதில்லை. அப்படி மாத்திரை சாப்பிட்ட ஒரு 9 வயதுப் பையன் மூன்றாம் நாள் கழுத்து விறைத்து வருகிறான் என்று வையுங்கள். செல் 900, நியூட்ரோஃபில் 65 சதவீதம், மீதி லிம்போசைட், புரோட்டீன் 140, சர்க்கரை 35, இரத்தத்தில் 105. கிராம் ஸ்டெயினில் ஒன்றும் இல்லை, கல்ச்சரிலும் வளரவில்லை. கல்ச்சர் நெகட்டிவ் என்றதும் பாதிப் பேர் வைரஸ் என்று எழுதுகிறார்கள், லிம்போசைட்டும் இருக்கிறதே என்று மீதிப் பேர் டி.பி. என்று எழுதுகிறார்கள். இரண்டும் தப்பு. ஆன்டிபயாடிக் முதலில் கெடுப்பது கல்ச்சரைத்தான், நரம்பில் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே கிருமி வளராமல் போய்விடும். செல்லும் நியூட்ரோஃபிலும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. சர்க்கரை கொஞ்சம் தேறலாம், ஆனால் இங்கே விகிதம் இன்னும் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் வைரஸ் இல்லை. மூன்றே நாள் கதை, நியூட்ரோஃபிலும் தூக்கலாக இருக்கிறது, அதனால் டி.பி.யும் பின்னுக்குப் போகிறது. அரைகுறையாக வைத்தியம் ஆன பாக்டீரியா என்பதுதான் விடை. சில கேள்விகளில் இதே மாதிரி நோயாளிக்கு லிம்போசைட்டே அதிகமாகிவிட்டது என்று போடுவார்கள், அதுவும் நடக்கிறதுதான். அப்போது உங்களைக் காப்பாற்றுவது எத்தனை நாளாகக் காய்ச்சல், முன்பே மாத்திரை சாப்பிட்டாரா என்ற இரண்டு தகவல்கள், அவை பெரும்பாலும் கேள்வியின் முதல் வரியில் இருக்கும்.

வைரஸிலும் முதல் ஒன்றிரண்டு நாள் நியூட்ரோஃபில் தூக்கலாகத் தெரியலாம். அங்கேயும் சர்க்கரையைப் பாருங்கள், நின்றிருந்தால் பயப்படவேண்டாம்.

அப்புறம், நீங்கள் லேப் ஆள் என்பதால் இது. நான் மலைமேல் வேலை பார்த்த காலத்தில் காலையில் எடுத்த நீரைக் கீழே சேலத்துக்கு அனுப்ப வண்டி இல்லாமல், மதியம் யாரோ இறங்குகிறவர் பையில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி லேப்புக்குப் போய், அங்கேயும் டோக்கன் போட்டுக் காத்திருந்து, சாயந்திரம் சர்க்கரை 38 என்று ரிப்போர்ட் வந்தது. செல்கள் நிறைய இருந்த நீர், குழாயிலேயே உட்கார்ந்து சர்க்கரையைத் தின்றிருக்கிறது. நியூட்ரோஃபிலும் ஓரிரு மணி நேரத்திலேயே சிதைய ஆரம்பித்துவிடும், லேப்பில் எண்ணும்போது லிம்போசைட் அதிகம் மாதிரி தெரியும். டி.பி. என்று நினைத்துவிட்டோம், மறுநாள் திரும்ப எடுத்து உடனே பார்த்தபோது சர்க்கரை 61, இரத்தத்தில் 98. வைவாவில் "மாதிரி தாமதமானால் என்ன மாறும்" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.